குவிந்த விடை, கசியும் வெப்பம்: கணுச் சமன்பாடுகளை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஒரு சமன்பாட்டுத் தொகுதி குவிந்துவிட்டது என்பது ஒரு செய்தி. அத்தொகுதி எடுத்துக்கொண்ட பொருளையே விவரிக்கிறது என்பது வேறொரு செய்தி. வெப்பப் பரிமாற்ற வகுப்புகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. மாணவர் நிரல் எழுதுகிறார், எச்சம் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது, வண்ணப் படம் அழகாக வருகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. அப்படத்தின் ஒரு மூலையில், காப்பிடப்பட்டதாகச் சொல்லப்பட்ட சுவர் வழியே வெப்பம் கசிந்துகொண்டிருக்கலாம். எச்சம் அதைச் சொல்லாது.

சதுரக் குறுக்குவெட்டில் இருபரிமாண நிலைத்த வெப்பக் கடத்தல், வகுப்பில் ஃபைனைட் டிஃபரன்ஸ் என்று வழங்கும் முடிவுறு வேறுபாட்டு முறைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் முதல் பயிற்சி. அதற்கான கணுச் சமன்பாடுகள் பெரும்பாலும் அட்டவணையாகவே மாணவர் கைக்கு வருகின்றன: உட்கணுவுக்கு ஒன்று, சமதளப் பரப்புக்கு ஒன்று, வெளிமூலைக்கு ஒன்று. நான்கு பக்கங்களிலும் வெப்பநிலை கொடுக்கப்பட்டிருந்தால் இவ்வட்டவணையால் கெடுதல் இல்லை. எல்லைகள் கலந்து வரும்போது, அதாவது ஒரு பக்கம் நிலைத்த வெப்பநிலை, ஒரு பக்கம் காப்பு, மற்றவை வெப்பச்சலனம் என அமையும்போது, அட்டவணையிலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கம் தவறுகிறது. அதுவும் ஓசையின்றித் தவறுகிறது. ஆகவே இச்சமன்பாடுகளைச் சூத்திரங்களாகக் கொடுப்பதை நிறுத்தி, ஒவ்வொரு கணுவுக்கும் வெப்பத்தின் வரவு செலவுக் கணக்காக எழுதப் பழக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். கையால் போடக்கூடிய ஒரு சிறு கணக்கு அதற்குச் சான்றாகும்.

நீண்ட செங்கல் தூண் ஒன்று. குறுக்குவெட்டு 20 செ.மீ. பக்கமுள்ள சதுரம். வெப்பக் கடத்துதிறன் k = 1 W/m·K. இடப்பக்கம் 100 °C-இல் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. அடிப்பக்கம் முழுமையாகக் காப்பிடப்பட்டது. மேற்பக்கமும் வலப்பக்கமும் 20 °C காற்றுக்குத் திறந்துள்ளன; அங்கு வெப்பப் பரிமாற்றக் குணகம் h = 10 W/m²·K. கணு இடைவெளி Δ = 0.1 மீ. எனக் கொண்டால் மொத்தம் ஒன்பது கணுக்கள். இடப்பக்க மூன்றும் தெரிந்தவை; எஞ்சிய ஆறும் தெரியாதவை.

```
100 ---- T1 ---- T2
 |        |       |
100 ---- T3 ---- T4
 |        |       |
100 ---- T5 ---- T6
```

இச்சிறு வலையின் பயன் அதன் துல்லியத்தில் இல்லை. ஆறு கணுக்களில் எந்த இரண்டின் நிலைமையும் ஒன்றாக இல்லை என்பதே அதன் பயன். T₃ உட்கணு. T₁ மேற்பரப்பில், நிலைத்த வெப்பநிலைச் சுவரை ஒட்டியது. T₄ வலப்பரப்பில் உள்ளது. T₅ காப்பின்மேல் அமர்ந்துள்ளது. T₂ இருபுறமும் காற்றுபடும் மூலை. T₆ ஒருபுறம் காற்றும் மறுபுறம் காப்பும் உள்ள மூலை. ஆறு சமன்பாடுகளையும் ஆறு முறை சிந்தித்தே எழுத வேண்டும்.

சிந்தனைக்கு அடிப்படையாக ஒரே வாக்கியம் போதும்: நிலைத்த நிலையில், ஒரு கணுவின் பங்காக விழும் பொருளுக்குள் எல்லாத் திசைகளிலிருந்தும் நுழையும் வெப்பத்தின் கூட்டுத்தொகை சுழி. 'பங்காக விழும் பொருள்' என்பதுதான் இங்கு உயிர்நாடி. பக்கத்துக் கணுக்களுக்கு நடுவே கோடுகள் இழுத்தால் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கட்டம் கிடைக்கும். உட்கணுவின் கட்டம் முழுச் சதுரம். பரப்புக் கணுவின் கட்டம் அரைச் சதுரம். மூலைக் கணுவின் கட்டம் கால் சதுரம். வெப்பம் நுழையும் பரப்பளவுகள் இக்கட்டத்தின் பக்கங்களால் தீர்மானமாகின்றன. கணுவின் பெயரால் அல்ல.

T₃-இன் கட்டத்துக்கு நான்கு பக்கங்கள், ஒவ்வொன்றின் நீளமும் Δ. தூணின் நீளவாக்கில் ஒரு மீட்டருக்குக் கணக்கிட்டால், பக்கத்துக் கணுவிலிருந்து வரும் வெப்பம் kΔ(T₁ − T₃)/Δ, அதாவது k(T₁ − T₃). Δ நீங்கிவிடுகிறது. நான்கையும் கூட்டிச் சுழிக்குச் சமப்படுத்தினால், உட்கணுவின் வெப்பநிலை நான்கு அண்டைக் கணுக்களின் சராசரி என்ற பழகிய உறவு கிடைக்கிறது.

T₄-இன் கட்டம் அரைச் சதுரம். இடப்பக்கம் T₃-ஐ நோக்கியது, நீளம் Δ. மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் T₂, T₆ ஆகியவற்றை நோக்கியவை. நீளம் Δ/2 மட்டுமே. வலப்பக்கம் காற்றை நோக்கியது, நீளம் Δ. ஆகவே T₃-இலிருந்து முழுப் பங்கும், T₂, T₆ ஆகியவற்றிலிருந்து அரைப் பங்கும், காற்றிலிருந்து hΔ(20 − T₄) அளவும் வந்து சேர்கின்றன. k-ஆல் வகுத்தால் hΔ/k என்ற பயோட் எண் தோன்றுகிறது. இங்கு அது சரியாக 1. எண்கள் எளிமையாக அமைவதற்காகவே அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது.

T₆-க்கு வருவோம். கட்டம் கால் சதுரம். பக்கங்கள் நான்கும் Δ/2 நீளமுடையவை. இடப்பக்கம் T₅-ஐயும் மேற்பக்கம் T₄-ஐயும் நோக்குகின்றன. வலப்பக்கம் காற்றை நோக்குகிறது. கீழ்ப்பக்கம் காப்பை நோக்குகிறது. அதன் வழியே வரவும் இல்லை, செலவும் இல்லை. எனவே T₅-இலிருந்து அரைப் பங்கு, T₄-இலிருந்து அரைப் பங்கு, காற்றிலிருந்து அரைப் பங்கு. இரண்டால் பெருக்கினால் T₅ + T₄ + 20 − 3T₆ = 0.

T₂-இன் கட்டமும் கால் சதுரமே. ஆனால் அங்கே இரண்டு அரைப் பக்கங்கள் காற்றை நோக்குவதால் காற்றின் பங்கு இரட்டிக்கிறது. இவ்வாறே மற்றவற்றையும் எழுதினால் தொகுதி பின்வருமாறு அமையும்:

```
T1:  100 + T2 + 2*T3 + 40 - 6*T1 = 0
T2:  T1 + T4 + 40 - 4*T2 = 0
T3:  T1 + T4 + T5 + 100 - 4*T3 = 0
T4:  T2 + T6 + 2*T3 + 40 - 6*T4 = 0
T5:  100 + T6 + 2*T3 - 4*T5 = 0
T6:  T5 + T4 + 20 - 3*T6 = 0
```

தீர்த்தால் T₁ = 50.4, T₂ = 32.8, T₃ = 64.9, T₄ = 41.0, T₅ = 68.2, T₆ = 43.1 °C.

இனித் தவற்றுக்கு வருவோம். அட்டவணையில் 'வெளிமூலை' என்ற தலைப்பின்கீழ் இருக்கும் சூத்திரம் இருபுறமும் காற்றுபடும் மூலைக்கானது. T₆-உம் வெளிமூலைதான். எனவே மாணவர் அதே சூத்திரத்தை இங்கும் இடுகிறார்: T₅ + T₄ + 40 − 4T₆ = 0. சரியான சமன்பாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு இரண்டே எண்களில். சொல்லின் சூழலைப் பாராமல் வாய்பாட்டிலிருந்து விகுதியை எடுத்து ஒட்டுவது போன்ற தவறு இது. வடிவம் இலக்கணத்தில் உள்ளதே, இடந்தான் பொருந்தவில்லை.

இத்தவற்றை வழக்கமான சோதனைகள் பிடிப்பதில்லை. காஸ்–சைடல் முறை தடையின்றிக் குவிகிறது. குவிதலுக்கு உதவுவது மூலைவிட்ட உறுப்பின் வலிமை. தவறான சமன்பாட்டில் அது 3-இலிருந்து 4 ஆக உயர்ந்திருக்கிறது. கவனமுள்ள ஆசிரியர்கள் சிலர் சொல்லித்தரும் மற்றொரு சோதனையும் உண்டு. எல்லா எல்லைகளையும் 20 °C ஆக்கினால் எல்லாக் கணுக்களும் 20 °C காட்ட வேண்டும். அதாவது ஒவ்வொரு சமன்பாட்டிலும் குணகங்களின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டும். தவறான சமன்பாடு இதிலும் தேறிவிடுகிறது: 1 + 1 + 2 − 4 = 0. இச்சோதனை விடுபட்ட உறுப்பைக் காட்டும். தவறான பரப்பளவைக் காட்டாது.

கிடைக்கும் விடை T₁ = 50.0, T₂ = 32.4, T₃ = 63.9, T₄ = 39.4, T₅ = 66.0, T₆ = 36.4 °C. ஐந்து கணுக்களில் மாற்றம் சுமார் இரண்டு பாகைக்குள் அடங்குகிறது. T₆ மட்டும் ஏறத்தாழ ஏழு பாகை இறங்குகிறது. சரியான விடை அருகில் இல்லாதவருக்கு இதில் ஐயுற ஒன்றுமில்லை. எல்லா எண்களும் 20-க்கும் 100-க்கும் இடையில் உள்ளன. சுவரிலிருந்து விலக விலகக் குறைகின்றன.

ஆயினும் பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு தடயங்கள் கிடைக்கின்றன.

முதல் தடயம் வடிவத்தில் உள்ளது. காப்பிட்ட பக்கம் கண்ணாடியைப் போன்றது. அதற்கு அப்பால் இதே தூண் தலைகீழாகத் தொடர்வதாகக் கொள்ளலாம். அப்படியானால் அவ்விரட்டைத் தூணில் காப்புக்கோடு நடுக்கோடாகிறது. குளிரும் பரப்பாகிய மேற்பக்கத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பதும் அதுவே. எனவே வலப்பக்கக் கணுக்களை மேலிருந்து கீழாகப் படித்தால் வெப்பநிலை ஏறிக்கொண்டே வர வேண்டும். சரியான விடையில் 32.8, 41.0, 43.1 என ஏறுகிறது. தவறான விடையில் 32.4, 39.4, 36.4 என ஏறி இறங்குகிறது. காப்பை நெருங்கும்போது வெப்பநிலை இறங்குகிறது என்றால், அங்கே வெப்பம் வெளியேறுகிறது என்றே பொருள்.

இரண்டாம் தடயம் மொத்தக் கணக்கில் உள்ளது. இது கண்ணளவைக் காட்டிலும் உறுதியானது. இடச்சுவரிலிருந்து ஆறு கட்டங்களுக்குள் கடத்தப்படும் வெப்பத்தைக் கூட்ட வேண்டும். நடு வரிசையில் முழுப் பக்கம், மேல் கீழ் வரிசைகளில் அரைப் பக்கம். சரியான விடையில் அது 35.10 + 24.78 + 15.89 = 75.77 W, தூணின் ஒரு மீட்டர் நீளத்துக்கு. காற்றுக்குச் செல்வது T₁-இலிருந்து 30.44, T₂-இலிருந்து 12.85, T₄-இலிருந்து 20.95, T₆-இன் அரைப் பக்கத்திலிருந்து 11.53, மொத்தம் 75.77 W. வரவும் செலவும் ஒத்துப்போகின்றன.

தவறான விடையில் வரவு 78.13 W. காற்றுக்குச் செல்வது 69.95 W. துண்டு விழுவது 8.18 W. இத்தொகை தற்செயலானதன்று. T₆-இன் அரைப் பக்கம் 36.4 °C-இல் காற்றுக்கு விடும் வெப்பம் எவ்வளவோ, துல்லியமாக அவ்வளவே இது. தவறான சமன்பாடு காப்பிட்ட அரைப் பக்கத்தையும் காற்றுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அதன் வழியே போனதுதான் இந்த 8.18. மொத்தக் கணக்கு தவறு உண்டென்று சொல்வதோடு நில்லாமல், அது எந்தக் கணுவில், எந்தப் பக்கத்தில் என்றும் சுட்டிவிடுகிறது.

இச்சோதனையைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை தேவை. காற்றுக்குச் செல்லும் வெப்பத்தைக் கணக்கிடும் பரப்பளவுகளைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். நிரலில் ஏற்கெனவே எழுதிய குணகங்களிலிருந்து எடுக்கக் கூடாது. குணகங்களிலிருந்து எடுத்தால் தவறான T₆ முழுப் பங்கோடு கணக்கில் சேரும், 69.95 என்பது 78.13 ஆகிவிடும், கணக்கு அழகாகப் பொருந்தும். ஒவ்வொரு கணுவிலும் சமநிலை காக்கும் சமன்பாடுகளைக் கூட்டினால் மொத்தத்திலும் சமநிலை வருவது இயல்பே. தன் பொய்க்குத் தானே சாட்சி சொல்லும் சோதனை அது. முதலில் வரைந்த படமே தனிச்சாட்சி.

இடப்பக்க மேல்மூலையிலும் ஒரு செய்தி மறைந்துள்ளது. அங்குள்ள 100 °C கணு தெரிந்ததாகையால் அதற்குச் சமன்பாடு எழுதுவதில்லை. ஆனால் அதன் கால் கட்டத்துக்கும் காற்றை நோக்கிய அரைப் பக்கம் ஒன்று உண்டு. அதன் வழியே 10 × 0.05 × 80 = 40 W செல்கிறது. தூண் காற்றுக்கு இழக்கும் மொத்த வெப்பம் கேட்கப்பட்டால் விடை 75.77 அன்று, 115.77. தெரியாத கணுக்களை மட்டும் கூட்டிவிட்டு விடையெழுதுவோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். வலையை நெருக்கினால் அந்த அரைப் பக்கமும் சுருங்கும். Δ = 0.05 மீ. எனில் அதன் பங்கு 20 W. எஞ்சியது புதிதாக வரும் பரப்புக் கணுக்களின் கணக்கில் சேரும். இவ்வளவு பெரிய தொகை ஒற்றை மூலையில் தேங்குவதே, வலை போதிய நெருக்கமாக இல்லை என்பதற்கு அடையாளம். நிலைத்த வெப்பநிலையும் வெப்பச்சலனமும் முட்டிக்கொள்ளும் அம்மூலையருகில்தான் இம்முறையின் பிழையும் மிகுதி.

இவ்வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, டெய்லர் தொடரிலிருந்து தொடங்குவதே முறையானது, அதுவே பிழையின் அளவைக் காட்டுகிறது என்பது. உட்கணுவில் பிழை Δ²-க்கு ஏற்பக் குறைகிறது என்பதை வெப்பக் கணக்கு நேரடியாகச் சொல்வதில்லை. அதற்கு டெய்லர் தொடர் வேண்டும் என்பது உண்மையே. எல்லையிலும் பரப்புக்கு அப்பால் ஒரு கற்பனைக் கணுவை வைத்து, பின்னர் அதை நீக்கினால் இதே ஆறு சமன்பாடுகளும் கிடைக்கும். இரு வழிகளும் பகைவர் அல்லர். ஆனால் கற்பனைக் கணு வழியில் மூலைக்கு இரண்டு கற்பனைக் கணுக்கள் வேண்டும். ஒன்றுக்குக் காற்றின் நிபந்தனையும் மற்றதற்குக் காப்பின் நிபந்தனையும் இட வேண்டும். இறுதியில் வரும் குணகம் 3 எப்பக்கத்தின் எவ்வளவு நீளத்தைக் குறிக்கிறது என்பது அவ்வழியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறு நேர்ந்தால் திரும்பிப் பார்க்க அங்கே படம் இல்லை.

இரண்டாவது மறுப்பு நேரம் பற்றியது: நூற்றுக்கணக்கான கணுக்கள் உள்ள வலையில் ஒவ்வொன்றுக்கும் படம் வரைய முடியுமா என்பது. வரைய வேண்டியதில்லை. இதே சதுரத்தை Δ = 0.05 மீ. எனப் பகுத்தால் தெரியாதவை இருபது. ஆனால் வகைகள் அதே ஆறு. பயோட் எண் பாதியாவதால் குணகங்கள் மாறும். கட்டங்களின் வடிவம் மாறாது. எத்தனை ஆயிரம் கணுக்கள் ஆனாலும் வரைய வேண்டியவை ஆறே படங்கள். ஒரு வகுப்பு நேரம் அதற்குப் போதும்.

நிரலைச் சோதிக்க அதே வகுப்பில் இன்னொன்றும் செய்யலாம். மேற்பக்கத்தின் h-ஐ மட்டும் சுழியாக்கினால் மேலும் கீழும் காப்பாகிவிடும். கணக்கு ஒருபரிமாணமாகச் சுருங்கும். அப்போது விடை தாளிலேயே தெரியும்: நடு நெடுவரிசை முழுவதும் 73.3 °C, வலப்பக்கம் முழுவதும் 46.7 °C. வெப்பநிலை நேர்கோட்டில் இறங்குவதால் இக்கரட்டு வலையும் தோராயமின்றி அதே எண்களைத் தர வேண்டும். தவறான T₆ உள்ள நிரல் இங்கே உடனே அகப்படும். அதன் வலப்பக்க எண்கள் மூன்றும் சமமாக வாரா. இச்சோதனைக்கு மேற்பக்க h-உம் வலப்பக்க h-உம் நிரலில் தனித்தனி மாறிகளாக இருந்தாக வேண்டும். அவ்வாறு பிரித்து எழுதும்போதே, T₂-இல் இரண்டு h-களும் T₆-இல் ஒரே h-உம் வர வேண்டும் என்பது கைக்குப் புலப்பட்டுவிடும்.

கேள்வித்தாள்கள் இன்று கேட்பது கணு வெப்பநிலைகளை மட்டுமே. ஆறு எண்களுக்குப் பதிலாக ஏழாவதாக ஓர் எண்ணையும் கேட்கலாம்: படத்திலிருந்து எடுத்த பரப்பளவுகளைக் கொண்டு கணக்கிட்ட வரவு செலவு வேறுபாடு. அது சுழியாக வந்தால் கணக்கு முடிந்தது. 8.18 என வந்தால், அதை ஒளிக்காமல் எழுதி, எந்த மூலையில் கசிவு என்று கண்டு சொல்பவருக்கும் மதிப்பெண் உண்டு என்றாக வேண்டும். குவிந்தது என்று மட்டும் எழுதி நிறுத்தியவரைவிட அவர் தூணை நன்றாக அறிந்தவர்.